ஃபெரெட்டுக்குப் பரவினால் நமக்கும் பரவுமா?

"பறவைக் காய்ச்சல் பத்தி வர்ற செய்தியில எல்லாம் 'ஃபெரெட் என்ற விலங்குக்குப் பரவியது, பரவவில்லை'ன்னு போடுறாங்க. ஆராய்ச்சின்னாலே எலிதானே? இதுல மட்டும் ஏன் ஃபெரெட்? அதுங்களுக்குள்ள பரவினா மனுஷங்களுக்குள்ளயும் பரவும்னு எடுத்துக்கலாமா?"

எலியும் உண்டு. எண்ணிக்கையில் பார்த்தால் ஃப்ளூ ஆராய்ச்சியில் ஃபெரெட்டை விடச் சுண்டெலிதான் அதிகம். இரண்டிடமும் கேட்கிற கேள்விதான் வேறு. வைரஸ் உடம்புக்குள் என்ன செய்கிறது, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்பதற்குச் சுண்டெலி. ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குத் தாவுமா என்பதற்கு ஃபெரெட். உங்கள் கடைசிக் கேள்விக்கு, அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் பதில். ஏன் என்பதற்குக் கூண்டுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முதலில் சுண்டெலி. ஏறக்குறைய 20 கிராம் எடை, விலை குறைவு, சிறிய அறையில் நூற்றுக்கணக்கில் வளர்க்கலாம். தலைமுறை தலைமுறையாக உடன்பிறப்புகளையே இணைத்து வளர்த்த இனங்கள் என்பதால், ஓர் இனத்துச் சுண்டெலிகள் எல்லாம் மரபணுவில் கிட்டத்தட்ட ஒன்றே. மருந்து கொடுத்த கூட்டமும் கொடுக்காத கூட்டமும் வேறுபட்டால், அது மருந்தால்தான் என்று தைரியமாகச் சொல்லலாம். ஒரு குறிப்பிட்ட மரபணுவை மட்டும் நீக்கிய சுண்டெலியையும் வாங்க முடியும். ஃபெரெட்டில் இதெல்லாம் அவ்வளவு எளிதல்ல.

ஆனால் ஃப்ளூ வந்த சுண்டெலியைப் பார்த்தால் அதற்கு ஃப்ளூ என்றே தோன்றாது. தும்மல் இல்லை, மூக்கு ஒழுகல் இல்லை. காய்ச்சல் வருவதற்குப் பதில் உடல் வெப்பம் குறைகிறது. முடி சிலிர்த்து, முதுகைக் கூனிக்கொண்டு ஒரு மூலையில் ஒடுங்கிவிடும். அதனால் தினமும் தராசில் வைத்து எடை பார்ப்பதுதான் நோயை அளக்கும் முக்கிய வழி. எடை நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிட்டால், அதற்கு மேல் வதைபடாமல் கருணைக்கொலை செய்துவிடுவார்கள். மனிதர்களிடையே சுற்றும் பருவகால ஃப்ளூ வைரஸ்கள் பலவும் சுண்டெலிக்கு நேரடியாக நோய் தருவதே இல்லை. எலிக்கென்று பழக்கப்படுத்திய பழைய ஆய்வக வைரஸ்களை வைத்தே ஏராளமான சோதனைகள் நடந்திருக்கின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1962இல் ழான் லின்டன்மான் என்ற சுவிஸ் ஆய்வாளர், ஏ2ஜி என்ற இனத்துச் சுண்டெலிகள் மட்டும் மற்ற எலிகளைக் கொல்லும் அளவு ஃப்ளூ வைரஸைத் தாங்கிப் பிழைப்பதைக் கவனித்தார். இவர் 1957இல் அலிக் ஐசக்ஸுடன் சேர்ந்து, வைரஸை எதிர்க்க உடல் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைக் கண்டுபிடித்தவர். அந்தத் தாங்கும் சக்திக்குக் காரணம் எம்எக்ஸ்1 என்ற மரபணு எனப் பின்னாளில் தெரிந்தது. நாம் விசித்திரம் என்று நினைக்க வேண்டியது ஏ2ஜியை அல்ல. உலகமெங்கும் ஆய்வகங்களில் இருக்கும் வழக்கமான சுண்டெலி இனங்களில்தான் அந்த மரபணு பழுதாகிக் கிடக்கிறது. மனிதரிடம் அதற்கு ஈடான ஒரு மரபணு ஒழுங்காக வேலை செய்கிறது. ஆக, ஃப்ளூவை எதிர்க்கும் முக்கியமான ஆயுதம் ஒன்று இல்லாத விலங்கில் நாம் ஃப்ளூவை ஆராய்கிறோம். "சுண்டெலிகள் இறந்தன" என்ற செய்தியைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அதற்காகச் சுண்டெலியை ஒதுக்கிவிட முடியாது. 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளுக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் வந்தபோது, காய்ச்சாத பாலைக் குடித்தால் ஆபத்தா என்ற கேள்வி எழுந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோயுற்ற மாட்டின் பாலைச் சுண்டெலிகளின் வாயில் விட்டுப் பார்த்தார்கள். அவை சீக்கிரமே நோயுற்றன. மூச்சுறுப்புகளில் வைரஸ் இருந்தது. ஒரு பாலூட்டியின் உடம்புக்குள் வாய் வழியாகவும் இது நுழைய முடியுமா என்ற நேரடியான கேள்விக்குச் சுண்டெலி போதும். ஆனால் வளர்ந்த சுண்டெலிகள் பக்கத்துச் சுண்டெலிக்கு ஃப்ளூவை நம்பகமாகப் பரப்புவதில்லை. பரவலைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் வேறு விலங்கைத்தான் தேட வேண்டும்.

ஃபெரெட் இந்தக் கதைக்குள் வந்தது ஓரளவு தற்செயல். நம் ஊரில் பார்க்க முடியாத விலங்கு. தோற்றத்தில் கீரி மாதிரி நீண்ட உடம்பு, உறவில் நீர்நாய்க்கு நெருக்கம், ஏறக்குறைய ஒரு கிலோ எடை. ஐரோப்பாவில் முயல் வேட்டைக்காக நெடுங்காலமாக வளர்த்து வந்தார்கள். 1933இல் லண்டனின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனம் மில் ஹில்லில் வைத்திருந்த பண்ணை ஆய்வகத்தில், நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோய்க்குத் தடுப்பூசி தேடுவதற்காக ஏற்கெனவே ஃபெரெட்டுகளை வைத்திருந்தார்கள். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஃப்ளூ பரவியது. வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா மூவரும் ஃப்ளூ நோயாளி தொண்டை கொப்பளித்த நீரை, பாக்டீரியா தங்கிவிடும் வடிகட்டியில் வடித்து, ஃபெரெட்டுகளின் மூக்கில் சொட்டுவிட்டார்கள். இரண்டு நாளில் அவற்றுக்குக் காய்ச்சல், மூக்கு ஒழுகல், தும்மல். மனித இன்ஃப்ளூயன்சாவுக்குக் காரணம் பாக்டீரியா அல்ல, வைரஸ் என்று உறுதியானது அப்படித்தான். அடுத்த ஆண்டே அந்த வைரஸைச் சுண்டெலிக்கும் கொண்டுபோனார்கள்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அதன் பிறகு நடந்தது. அதே ஆய்வகத்தில் சார்லஸ் ஸ்டூவர்ட்-ஹாரிஸ் என்ற இளம் மருத்துவர், நோயுற்ற ஃபெரெட் ஒன்றைப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது அது அவர் முகத்திலேயே தும்மியது. அவருக்கு ஃப்ளூ வந்தது. ஃபெரெட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றியது என்று 1936இல் கட்டுரையே எழுதினார்கள். மனிதரிடமிருந்து ஃபெரெட்டுக்கு, ஃபெரெட்டிலிருந்து மனிதருக்கு என இரண்டு திசையிலும் போகும் வைரஸ் அது.

ஏன் இந்த ஒற்றுமை என்பது பல பத்தாண்டுகள் கழித்தே புரிந்தது. ஃப்ளூ வைரஸ் செல்லுக்குள் நுழைய, செல்லின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சியாலிக் அமிலத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். அந்த அமிலம் அடியிலுள்ள சர்க்கரையோடு இரண்டு விதமாக இணைந்திருக்கலாம். மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் ஒரு விதம் மிகுதி. மனித ஃப்ளூ வைரஸ்கள் அதையே விரும்பும். பறவையின் குடலில் மற்ற விதம் மிகுதி. பறவை வைரஸ்கள் அதை விரும்பும். ஃபெரெட்டின் மூச்சுப்பாதையில் இவை பரவியிருக்கும் விதம் மனிதரை ஒத்திருக்கிறது. சுண்டெலியின் மூச்சுப்பாதையோ பறவை வைரஸ் விரும்பும் விதத்தின் பக்கம் சாய்கிறது. கூடுதலாக ஒரு தகவல்: பெரும்பாலான பாலூட்டிகள் தயாரிக்கும் ஒருவகைச் சியாலிக் அமிலத்தை மனித உடல் தயாரிப்பதில்லை. ஃபெரெட்டும் தயாரிப்பதில்லை, சுண்டெலி தயாரிக்கிறது.

இனி கூண்டுக்கு வருவோம். பரவல் சோதனை சொல்லும்போது எளிமையானது, செய்யும்போது கவனம் கேட்பது. ஒரு ஃபெரெட்டின் மூக்கில் வைரஸ் திரவத்தை விடுகிறார்கள். இது பரப்பும் விலங்கு. மறுநாள், வைரஸே படாத இன்னொன்றை அருகில் விடுகிறார்கள். அருகில் என்பதற்கு இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரே கூண்டு: ஒரே தண்ணீர், ஒரே படுக்கை, ஒன்றன் மேல் ஒன்று படுத்துத் தூங்கும். மற்றொன்று, அடுத்தடுத்த கூண்டுகள்: நடுவில் துளையிட்ட தடுப்புச் சுவர். காற்று போகும், மூக்கும் மூக்கும் உரச முடியாது. இந்த இரண்டாவது வகையைத்தான் செய்திகளில் "காற்று வழியாக" அல்லது "மூச்சுத் துளிகள் வழியாக" என்று எழுதுகிறார்கள்.

பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், மயக்கமருந்து கொடுத்து மூக்கைக் கழுவி, அந்த நீரில் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாகியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். மூக்கில் வைரஸ் சிக்காமல் போனாலும், லேசான தொற்று வந்து போயிருந்தால் ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் கெட்டுப்போக நிறைய வழி இருக்கிறது. ஃபெரெட்டுக்கு மனித ஃப்ளூ சுலபமாகத் தொற்றும் என்பதால், சளியோடு வேலைக்கு வந்த பராமரிப்பாளரே சோதனையைக் கெடுத்துவிடலாம். ஆகவே சோதனைக்கு முன் ஒவ்வொரு ஃபெரெட்டின் ரத்தத்தையும் பார்த்து, முன்பே ஃப்ளூ வந்துபோனவற்றைக் கழித்துவிடுவார்கள். தினமும் தொற்றாத விலங்கை முதலில் கையாண்டு, தொற்றிய விலங்கைக் கடைசியில்தான் தொடுவார்கள், கையுறையை மாற்றுவார்கள். இல்லையென்றால் வைரஸ் காற்றில் போனதா, ஆய்வாளரின் கையில் போனதா என்றே சொல்ல முடியாது. காற்று எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, தடுப்புச் சுவர் எவ்வளவு தடிமன், கூண்டுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுகிறது. இது சின்ன விஷயமல்ல, முடிவையே மாற்றக்கூடியது.

இப்போது ஒரு நிஜமான சோதனையை எடுத்துக்கொள்வோம். 2024 மார்ச் இறுதியில் டெக்சாஸ் மாநிலப் பால்பண்ணைத் தொழிலாளி ஒருவருக்கு எச்5என்1 தொற்றியது. கண்கள் சிவந்ததுதான் அவருக்கு இருந்த பெரிய தொந்தரவு. காய்ச்சல்கூட இல்லை; குணமாகிவிட்டார். அவரிடமிருந்து எடுத்த வைரஸை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஃபெரெட்டுகளுக்குக் கொடுத்துப் பார்த்து, ஜூன் மாதம் முடிவைச் சொன்னது. வைரஸ் கொடுக்கப்பட்ட ஆறு ஃபெரெட்டுகளும் இறந்துவிட்டன. ஒரே கூண்டில் இருந்தவற்றில் 3க்கு 3 தொற்றியது. துளைச் சுவருக்கு அப்பால் இருந்தவற்றில் 3க்கு 1 மட்டும். சாதாரணப் பருவகால ஃப்ளூ வைரஸாக இருந்தால், சுவருக்கு அப்பாலும் அத்தனைக்கும் தொற்றியிருக்கும் என்று மையம் சேர்த்துச் சொன்னது.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, நோயின் கடுமையை ஃபெரெட்டை வைத்து மனிதருக்குக் கணக்குப்போடக் கூடாது. அந்தத் தொழிலாளிக்குக் கண் சிவப்பு. அதே வைரஸ் ஆறு ஃபெரெட்டுகளையும் கொன்றது. ஃபெரெட்டுக்கு மூக்கில் நிறைய வைரஸை நேராக ஊற்றுகிறார்கள். அவருக்குப் பெரும்பாலும் கண் வழியாகப் போயிருக்கும். போன அளவும் பாதையும் வேறு. ஃபெரெட்டிடம் கேட்க வேண்டிய கேள்வி பரவலைப் பற்றியதே தவிர, சாவைப் பற்றியது அல்ல.

இரண்டாவது, அந்த 3க்கு 1 என்ற எண். பத்திரிகையில் இதை 33 சதவீதம் என்று போடும்போது பெரிய அளவீடு மாதிரித் தெரியும். உண்மையில் அது ஒரே ஒரு விலங்கு. அருகில் வைக்கப்பட்டவை மொத்தம் 6 ஃபெரெட்டுகள், அதில் 4க்குத் தொற்று, 2 தப்பின. இரண்டு வகைக் கூண்டுக்கும் வித்தியாசமே இல்லை, யார் தப்புவது என்பது வெறும் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். ஆறில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 15 வழி உண்டு. தப்பிய இரண்டும் சுவருக்கு அப்பால் இருந்த மூன்றிலிருந்தே வந்திருக்க 3 வழி. அதாவது வித்தியாசமே இல்லாதபோதும் ஐந்தில் ஒரு தடவை இதே முடிவு வந்துவிடும். இந்தச் சோதனை மட்டுமே கையில் இருந்தால் எதையும் அடித்துச் சொல்ல முடியாது. பருவகால வைரஸ்களை வைத்துப் பல ஆண்டுகளாகச் செய்த சோதனைகள் பின்னால் இருப்பதால்தான், ஒப்பிட்டு "இது திறமையாகக் காற்றில் பரவவில்லை" என்று சொல்ல முடிகிறது.

அப்படியானால் நிறைய ஃபெரெட்டுகளை வைத்துச் செய்யலாமே என்று தோன்றும். எச்5என்1 என்றால் உயர் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் தனிக் கூண்டமைப்பு வேண்டும். தினமும் சுவாசக் கவசத்தோடு உள்ளே போய்ப் பார்த்துவர வேண்டும். பயன்படுத்தும் விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். ஆகவே மூன்று, நான்கு ஜோடி என்பதுதான் நடைமுறை.

எண்ணிக்கை குறைவாக இருப்பதன் விளைவை 2009இல் உலகமே பார்த்தது. அந்த ஆண்டு புதிதாகக் கிளம்பிய எச்1என்1 வைரஸை (நம் ஊரில் பன்றிக் காய்ச்சல் என்று பெயர் வாங்கியது) இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஃபெரெட்டுகளில் சோதித்தன. நெதர்லாந்தின் ராட்டர்டாம் குழு, இது பருவகால ஃப்ளூ அளவுக்கே காற்றில் பரவுகிறது என்றது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் குழு, பருவகால ஃப்ளூவை விடக் குறைவாகவே பரவுகிறது என்றது. இரண்டு கட்டுரையும் ஒரே காலத்தில் ஒரே இதழில் வெளிவந்தன. அதற்குள் ஜூன் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்துவிட்டது. அமெரிக்கக் குழு தவறு செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். கூண்டும் காற்றோட்டமும் மாறி, ஜோடிகளும் சிலவே இருக்கும்போது இப்படித்தான் ஆகும். "குறைவாகப் பரவியது" என்றால் "மனிதரிடம் பரவாது" என்று படிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆம், இல்லை என்பதைத் தாண்டி, எப்போது பரவுகிறது என்பதிலும் ஃபெரெட் உருப்படியான தகவல் தந்திருக்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வெண்டி பார்க்லேயின் குழு அதே 2009 வைரஸை வைத்து, ஆரோக்கியமான ஃபெரெட்டை முழு நேரமும் அருகில் வைக்காமல், தொற்றின் ஆரம்ப நாட்களில் கொஞ்ச நேரம், பிந்தைய நாட்களில் கொஞ்ச நேரம் என்று பிரித்து வைத்துப் பார்த்தது. 2012இல் முடிவு வெளியானது. பரப்பும் ஃபெரெட்டுக்குக் காய்ச்சல் தொடங்கும் முன்பே பரவிவிட்டது. தும்மல்கூடத் தேவைப்படவில்லை, சாதாரணமாக விடும் மூச்சே போதுமாக இருந்தது. ஐந்தாறு நாள் கழித்து, அதன் மூக்கில் இன்னும் வைரஸ் இருந்தபோதும், பரவல் வெகுவாகக் குறைந்துவிட்டது. இந்த மாதிரிக் கேள்வியை மனிதரிடம் கேட்பது மிகக் கடினம். யாரிடமிருந்து எப்போது வாங்கினோம் என்று நம்மில் யாருக்கும் மணிக்கணக்கில் தெரியாது.

ஆனால் கூண்டு ஃபெரெட்டுக்கும் நமக்கும் இடையே, சொல்லாமல் விடக்கூடாத ஒரு வித்தியாசம் இருக்கிறது. மேலே சொன்னபடி, முன்பு ஃப்ளூ வந்த ஃபெரெட்டுகளைக் கழித்துவிட்டுத்தான் சோதனையையே தொடங்குகிறார்கள். அதன் ரத்தம் ஃப்ளூவைப் பார்த்ததே இல்லை. மனிதரில் கைக்குழந்தை தவிர அப்படி யாரும் இல்லை. இது எவ்வளவு முக்கியம் என்று பார்க்க, 2009 வகை எச்1என்1 வந்து குணமான ஃபெரெட்டுகளுக்கு, பிறகு மாட்டு எச்5என்1ஐக் கொடுத்துச் சிலர் சோதித்தார்கள். அவற்றுக்கு நோய் லேசாகவே வந்தது. வெளியேற்றிய வைரஸும் குறைவு. அமெரிக்கப் பண்ணைத் தொழிலாளர்கள் பலருக்கு நோய் லேசாக இருந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன்.

தட்பவெப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊருக்குச் சம்பந்தப்பட்டது. இதற்கு ஃபெரெட்டை விட கினிப்பன்றிதான் அதிகம் உதவியது. அது நோயுற்ற மாதிரியே தெரியாது, ஆனால் நன்றாகப் பரப்பும். நியூயார்க் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் ஆனிஸ் லோவன், பீட்டர் பலேசி குழு 2007இல் கினிப்பன்றிகளை வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்திய அறைகளில் வைத்துச் சோதித்தது. 5 டிகிரியில் காற்று வழிப் பரவல் நன்றாக நடந்தது. வறண்ட காற்று அதற்கு உதவியது. 30 டிகிரியில் காற்று வழிப் பரவலே நின்றுவிட்டது. குளிர்நாடுகளில் ஃப்ளூ ஏன் பனிக்காலத்தில் வருகிறது என்பதற்கு இதை எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள்.

ஆனால் சென்னையில் ஃப்ளூ உச்சம் தொடுவது அக்டோபர், நவம்பர் மழையில். 5 டிகிரியும் கிடையாது, வறண்ட காற்றும் கிடையாது. அதே குழு 2008இல் இன்னொரு சோதனையை வெளியிட்டது. 30 டிகிரியில் கினிப்பன்றிகளைத் தனித்தனிக் கூண்டில் வைக்காமல் ஒரே கூண்டில் விட்டபோது வைரஸ் தடையில்லாமல் பரவியது. வெப்பநாடுகளில் நெருங்கிய தொடர்பே முக்கிய வழியாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். மழைக்காலத்தில் சன்னலைச் சாத்திக்கொண்டு வகுப்பறையிலும் பேருந்திலும் நெருங்கி உட்காரும் நம் வழக்கத்தோடு அது பொருந்திப் போகிறது. ஆனால் ஏசி போட்ட அலுவலகமும் திரையரங்கும் 30 டிகிரியில் இல்லை. அங்கே எது நடக்கிறது என்பதற்கு அந்தக் கினிப்பன்றிகளின் பதில் போதாது.